அறுபத்தாறாவது பிறந்தநாளின் விலை

திண்டுக்கல்லில் இருக்கும் என் மாமனார் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்கட்டண ரசீது முதல் கல்யாணப் பத்திரிகை வரை எதையும் கிழித்துப் போடாமல் கோப்பில் துளையிட்டுச் சேர்த்து வைப்பார். போன நவம்பரில் அந்தக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் புதுப்பிப்புக் கடிதம் வந்திருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து எடுத்த 5 லட்ச ரூபாய் பாலிசி. போன வருஷம் கட்டியது ரூ.41,300. இந்த வருஷம் கேட்டிருந்தது ரூ.46,900.

“ஏன் மாப்பிள்ளை, எல்.ஐ.சி.யில இருபது வருஷம் கட்டினேன். முதல் வருஷம் என்ன கட்டினேனோ அதேதான் கடைசி வருஷமும். இது மட்டும் ஏன் இப்படிக் குதிக்குது? நான் ஒரு க்ளெய்ம்கூட போடலையே!” என்றார்.

இரண்டும் நல்ல கேள்விகள். பதில் தேடுமுன் கடிதத்தில் இருந்த ஒரு விஷயத்தை அவருக்குக் காட்டினேன். பார்வைக்கு உயர்வு 5,600 ரூபாய்தான், ஏறக்குறைய 13.5 சதவீதம். ஆனால் போன வருஷம் அவர் கட்டிய 41,300 ரூபாயில் 6,300 ரூபாய் ஜி.எஸ்.டி. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன பிரீமியம் 35,000 மட்டுமே. தனிநபர் சுகாதாரக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் இந்த வருஷம் கேட்கும் 46,900 ரூபாய் முழுவதும் பிரீமியம். 35,000 எங்கே, 46,900 எங்கே? உண்மையான உயர்வு 34 சதவீதம். வரி குறைந்ததால் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம், உயர்வை மறைக்கும் திரையாகிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு புதுப்பித்தவர்கள் பழைய ரசீதை எடுத்து, வரியைக் கழித்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 34 சதவீதத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வந்தது. எல்லோருக்கும் பொதுவாகக் கட்டணத்தை 9 சதவீதம் உயர்த்தியதில் 3,150 ரூபாய். மாமா 66 வயதைத் தொட்டதில் 8,750 ரூபாய். ‘61 முதல் 65 வரை’ என்ற அடுக்கிலிருந்து ‘66 முதல் 70 வரை’ என்ற அடுக்குக்கு அவர் ஏறிவிட்டார், அவ்வளவுதான். அத்தைக்கு வயது 62. அவருக்கு அடுக்கு மாறவில்லை. ஆனாலும் பயனில்லை. குடும்பத்துக்கு ஒரே தொகை என்று எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசியில் மூத்தவரின் வயதை அடிப்படையாக வைத்தே பிரீமியம் போடுவார்கள்.

ஆயிரம் பேர் போடும் உண்டியல்

காப்பீடு என்பது ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு உண்டியலில் பணம் போட்டு, அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கணக்கிடுபவருக்கு இரண்டே எண்கள் வேண்டும். ஆயிரத்தில் எத்தனை பேர் படுப்பார்கள், படுத்தவருக்குச் சராசரியாக எவ்வளவு செலவாகும்.

இனி நான் எழுதும் எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஒரு வருஷத்தில் 40 பேர் படுக்கிறார்கள், ஆளுக்குச் சராசரி 60,000 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 24 லட்சம். ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,400 ரூபாய். அறுபதைத் தாண்டியவர்கள் ஆயிரம் பேரில் 120 பேர் படுக்கிறார்கள், சராசரி 1,10,000 ரூபாய். மொத்தம் 1 கோடியே 32 லட்சம். தலைக்கு 13,200 ரூபாய்.

படுப்பவர்கள் மூன்று மடங்கு. ஒவ்வொருவரின் பில்லும் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதால் தலைக்கணக்கு ஐந்தரை மடங்காகிவிடுகிறது. வயதானால் பிரீமியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல் செங்குத்தாக ஏறுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். இளைஞர் டெங்குவுக்கு மூன்று நாள் படுத்து எழுந்துவிடுவார். எழுபது வயதுக்காரர் அதே காய்ச்சலுக்குப் படுத்தால் சர்க்கரை ஏறும், சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்வார்கள், ஒரு நாள் ஐ.சி.யூ.வில் வைத்துக் கவனிக்கலாம் என்பார்கள். நோய் ஒன்றாக இருந்தாலும் பில் ஒன்றாக இருக்காது.

இந்த 13,200 ரூபாய் அப்படியே பிரீமியம் ஆகிவிடாது. ஏஜென்ட் கமிஷன், அலுவலகச் செலவு, விளம்பரம், லாபம் எல்லாம் மேலே ஏறும். வசூலாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 65 பைசா க்ளெய்முக்குப் போகிறது என்றால், 13,200 ரூபாய் செலவுக்கு நிறுவனம் ஏறக்குறைய 20,300 ரூபாய் வசூலிக்க வேண்டும். 65 பைசா என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 2023-24இல் சுகாதாரக் காப்பீடு மட்டுமே விற்கும் தனி நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்குச் சுமார் 65 ரூபாய்தான் க்ளெய்மாகக் கொடுத்தன. அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களோ 100 ரூபாய் வாங்கி அதற்கும் மேலே கொடுத்தன. உடனே அரசு நிறுவனம்தான் தர்மவான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரிய கம்பெனிகளின் ஊழியர்களுக்காக அவை குறைந்த விலையில் எடுத்துக்கொண்ட குழுக் காப்பீடுகளும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் பிரீமியம் ஏறும்போது, ஆஸ்பத்திரிச் செலவு ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்தை அது சொன்னால், இந்த 65 ரூபாய் நினைவுக்கு வரட்டும்.

மாமாவின் இரண்டாவது கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. அவர் க்ளெய்ம் போடாதது அவருடைய நல்ல நேரம். அதற்கு போனஸாகக் காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். ஆனால் அடிப்படைப் பிரீமியம் அவருடைய உடம்பைப் பார்த்துப் போட்டதல்ல, அவர் நிற்கும் வரிசையைப் பார்த்துப் போட்டது. அவர் அறுபத்தாறு வயதுக்காரர்களின் வரிசைக்குப் போய்விட்டார்.

எல்.ஐ.சி. ஏன் ஏறவில்லை?

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்றொரு கணித ஆசிரியர் இருந்தார். ஆயுள் காப்பீட்டுச் சங்கம் ஒன்றில் சேரப் போனார். 45 வயதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சங்கத்தில் இளையவர் மூத்தவர் எல்லோருக்கும் ஒரே சந்தா. அதனால் மூத்தவர்களைச் சேர்த்தால் உண்டியல் காலியாகிவிடும் என்ற பயம். டாட்சன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சேரும் வயதுக்கு ஏற்பச் சந்தா, ஒருமுறை நிர்ணயித்தால் கடைசிவரை மாறாத சந்தா. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர் இறந்த பிறகு, 1762இல் லண்டனில் ஈக்விடபிள் என்ற சங்கம் அந்தக் கணக்கின் மேல்தான் எழுந்தது. வயதுக்கேற்ற பிரீமியம் என்பதே, வயதானதால் கதவடைக்கப்பட்ட ஒருவர் உள்ளே வரக் கண்டுபிடித்த வழி என்பதை நினைத்தால் கோபம் கொஞ்சம் தணிகிறது.

மாமா கட்டிய எல்.ஐ.சி. பாலிசி அந்த வழியில் வந்தது. முதல் பாதியில் அவர் தேவைக்கு மேல் கட்டினார். அந்த உபரி சேமிப்பாக நின்று பின்பாதியின் குறையை நிரப்பியது. இறந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது முதல் நாளே எழுதப்பட்ட தொகை என்பதால் அப்படிக் கணக்கிட முடிந்தது. மெடிக்கல் பாலிசியில் அது முடியாது. இருபது வருஷம் கழித்து ஒரு மூட்டு மாற்று அறுவைக்கு என்ன செலவாகும் என்று யார் இன்றைக்குச் சொல்வது? அதனால் இங்கே ஒவ்வொரு வருஷமும் புது ஒப்பந்தம், புது விலை. முப்பது வயதில் நீங்கள் கட்டிய பணம் உங்கள் முதுமைக்காக எங்கேயும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. அந்த வருஷம் படுத்தவர்களுக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இளமையில் கூடுதலாக வாங்கி முதுமைக்கென்று நிதி சேர்த்து வைக்கச் சட்டமே இருக்கிறது. அங்கும் மருத்துவச் செலவு ஏறினால் பிரீமியம் ஏறத்தான் செய்யும். ஆனால் பிறந்தநாள் வந்ததற்காக ஏறாது.

நல்லவர்கள் கிளம்பிவிட்டால்

வயது அடுக்கும் ஆஸ்பத்திரி விலையும் கடிதத்தில் தெரியும். கடிதத்தில் தெரியாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. உங்களோடு அதே பாலிசியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அது.

1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் 2001இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு உதாரணம், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடைப்பது ஏன் கஷ்டம் என்பது. தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பிரீமியத்தை ஏற்றினால் ‘எனக்கெதற்கு இது’ என்று ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். கட்டாயம் தேவைப்படுபவர்கள் எவ்வளவு கேட்டாலும் கட்டிக்கொண்டு இருப்பார்கள். உண்டியலில் மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு ஏறும். மறுபடி பிரீமியம் ஏறும். மறுபடி கொஞ்சம் பேர் விலகுவார்கள்.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்றால், நிறுவனம் ஒரு புதுப் பாலிசியைக் கவர்ச்சியாக அறிமுகம் செய்து இளைஞர்களை அதில் சேர்க்கும். பழைய பாலிசியை விற்பது மெல்லக் குறையும். பழையதில் இருப்பவர்களுக்கு வயது ஏற ஏற, புது ரத்தம் உள்ளே வராது. பத்து வருஷத்தில் அந்த உண்டியல் முதியோர் இல்லமாகிவிடும். உங்கள் பாலிசி இன்றைக்கும் முப்பது வயதுக்காரர்களுக்கு விற்கப்படுகிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். விற்கவில்லை என்றால், வருங்கால உயர்வுகள் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதே நிறுவனத்தின் வேறொரு பாலிசிக்கு, காத்திருப்புக் காலச் சலுகையை இழக்காமல் மாற வழியுண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதில் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2025 ஜனவரி இறுதியில் வந்த உத்தரவின்படி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். முதியோருக்கான பாலிசியைத் திரும்பப் பெறுவதற்கும் அப்படியே. மாமாவுக்கு ஏறியது 34 சதவீதமாயிற்றே என்று கேட்டோம். பொதுக் கட்டண உயர்வு 9 சதவீதம்தான், அடுக்கு மாற்றம் ஏற்கெனவே விலைப் பட்டியலில் உள்ளது என்பது நிறுவனத்தின் பதில். 9 சதவீதம் என்ற அந்த எண்ணின் அழகைப் பாருங்கள்! என்னைக் கேட்டால், கட்டுபவரின் கையிலிருந்து போகும் மொத்தத் தொகைதான் உயர்வு. அதை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் வரம்புக்குள் காட்டுவது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தலாம், ஓய்வூதியக்காரரின் பணப்பைக்குப் பொருந்தாது.

முப்பத்தொன்றாயிரம் ரூபாய்க்கு வந்த வரன்

இந்தச் சமயத்தில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட் தம்பி வந்தார். “ஐயா, இதே 5 லட்சத்துக்கு 31,000 ரூபாயில புது பாலிசி போட்டுத் தர்றேன். 65 வயசுக்கு மேல சேர்க்க மாட்டாங்கங்கிறதெல்லாம் இப்ப இல்லை” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. புதிதாகச் சேர 65 வயது என்றிருந்த வரம்பு 2024 ஏப்ரலோடு போய்விட்டது. 46,900க்குப் பதில் 31,000 என்றால் வருஷத்துக்கு 15,900 ரூபாய் மிச்சம். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

விலை குறைவாக இருந்தால் பொருளில் எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று சில பக்கங்கள் கட்டாயம் தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்கிப் படித்தோம். இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை. ஒவ்வொரு க்ளெய்மிலும் 20 சதவீதம் கோ-பே, அதாவது ஐந்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து.

இந்த இரண்டு வரிகளும் என்ன செய்யும் என்று ஒரு பில்லை வைத்து மாமாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு நாள் ஆஸ்பத்திரி, மொத்தம் 3,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு 8,000 வீதம் அறை 48,000. அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் சாதனம் 1,00,000. கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறை 12,000.

5 லட்சத்தில் 1 சதவீதம் 5,000. அறைக்கு ஆறு நாளுக்கு 30,000தான் கிடைக்கும். 18,000 ரூபாய்தானே போனால் போகட்டும் என்று தோன்றும். விஷயம் அங்கே முடிவதில்லை. அனுமதித்த வாடகை 5,000, எடுத்துக்கொண்ட அறை 8,000. எனவே எட்டில் ஐந்து பங்குதான் தருவேன் என்ற அதே விகிதத்தை மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் மீதும் போடுவார்கள். பெரிய அறைக்குப் போனால் மருத்துவர் கட்டணமும் ஏறுவது ஆஸ்பத்திரி வழக்கம் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். ஆக 1,60,000 ரூபாய் 1,00,000 ஆகிறது. மருந்து, பரிசோதனை, பொருத்தும் சாதனம் இவற்றில் இந்த விகிதக் கழிவைப் போடக் கூடாது என்பது விதி. அதனால் அந்த 1,00,000 தப்பியது. சில்லறை 12,000க்கு ஒன்றும் கிடையாது. கூட்டினால் 2,30,000. அதில் 20 சதவீதம், அதாவது 46,000 ரூபாய் கோ-பேயாகப் போனால், நிறுவனம் தருவது 1,84,000. நாம் கட்டுவது 1,36,000.

மாமாவின் பழைய பாலிசியில் அறை வரம்பும் இல்லை, கோ-பேயும் இல்லை. இதே பில்லுக்கு அது 3,08,000 தரும். வித்தியாசம் 1,24,000 ரூபாய். வருஷத்துக்கு 15,900 மிச்சம் பிடித்தால் இந்த ஓட்டையை அடைக்க ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகும். எட்டு வருஷத்துக்குள் ஒரு தடவை படுத்தால் நஷ்டம். அறுபத்தாறு வயதில் அந்தப் பந்தயம் கட்டலாமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 5,000 ரூபாய் அறையிலேயே இருந்துவிட்டால் விகிதக் கழிவு என்ற அந்த வெட்டு விழவே விழாது, கோ-பே மட்டும்தான். திண்டுக்கல் போன்ற ஊரில் அது சாத்தியம். ஆனால் அவசரத்தில் நள்ளிரவில் மதுரைக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு ஓடும்போது, ‘இந்த அறைதான் காலி’ என்று சொன்னால் யாரும் வாடகை விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை.

மாத்திரைப் பெட்டி

ஏஜென்ட் தம்பி விண்ணப்பத்தையும் அவரே பூர்த்தி செய்ய ஆரம்பித்தார். நோய் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுக்கொண்டே போனார். மாமா ஒன்பது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “அது எல்லாருக்கும் இருக்கிறதுதானேங்க ஐயா, எழுதினா பிரீமியம் ஏறிடும்” என்றார் அந்தத் தம்பி. நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டேன்.

மூத்தவர்களின் க்ளெய்ம் விழும் இடம் பெரும்பாலும் இதுதான். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன அல்லது சிகிச்சை கொடுத்த எதுவும் ‘ஏற்கெனவே இருந்த நோய்’. அதைச் சொல்லி எடுத்தால் அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு அதற்கும் பணம் கிடைக்கும். சொல்லாமல் எடுத்தால், ஆஸ்பத்திரியில் சேரும்போது டியூட்டி டாக்டர் ‘எத்தனை வருஷமா சுகர்?’ என்று கேட்பார். நாம் ‘ஒன்பது வருஷமா’ என்று உண்மையைச் சொல்வோம். அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டு வாங்குவது அந்தத் தாளைத்தான். க்ளெய்மும் போகும், பாலிசியே ரத்தாகவும் கூடும். அந்த நேரம் ஏஜென்ட் தம்பியின் டிக் உதவிக்கு வராது, கையெழுத்து நம்முடையது. தொடர்ந்து ஐந்து வருஷம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலன்றி ‘நீ சொல்லவில்லை’ என்று க்ளெய்மை மறுக்க முடியாது என்றொரு பாதுகாப்பு உண்டு. அதை நம்பி மறைப்பவர்களுக்கு அந்த ஐந்து வருஷமும் கத்தி மேல் நடைதான்.

கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கு, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாகக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வருஷம். காத்திருப்பு முடிந்த பிறகும் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கலாம். மூத்தவர்கள் முதலில் போடும் க்ளெய்மே பல வீடுகளில் கண்புரைதான் என்பதால், இந்த ஒரு வரியைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

மாமாவுக்குப் பழைய பாலிசியில் இந்தக் காத்திருப்பெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. போர்ட் செய்தால், அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியாகவே வேறு நிறுவனத்துக்கு மாறினால், முடித்த காலம் கணக்கில் சேரும், பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும். ஆனால் போர்ட் செய்வதற்கும் புது நிறுவனம் மறுக்கலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். ஆகவே புது நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதை விடக் கூடாது. புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதமாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மாமா கடிதத்தோடு வந்தபோது கையில் இருந்தது பதினெட்டு நாள். போர்ட் செய்யும் யோசனையை அந்த வருஷத்துக்கு அப்போதே கைவிட்டோம்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகம் கொடுத்த குழுக் காப்பீடு, ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடும். அதே நிறுவனத்தில் அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். கடைசி வேலைநாளுக்குச் சில மாதம் முன்பே மனிதவளத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். அறுபது வயதில் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் வெளிச்சந்தையில் புதிதாக நிற்பதைவிட அது மேல்.

பிரீமியத்தைக் குறைக்க வேறு நேர்மையான வழி இல்லையா? இருக்கிறது. சின்னச் செலவைத் தானே ஏற்பதாக ஒத்துக்கொள்வது. வருஷத்தில் முதல் 3 லட்சமோ 5 லட்சமோ என் பொறுப்பு, அதற்கு மேல் உன் பொறுப்பு என்று எடுக்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி மலிவாக இருப்பதற்குக் காரணம், அந்த வரம்பைத் தாண்டும் பில்கள் ஆயிரத்தில் சிலதான். கையில் வைப்புநிதி வைத்திருப்பவருக்கு இது கோ-பேயைவிடப் பல மடங்கு நல்ல பேரம். கோ-பேயில் பில் ஏற ஏற நம் பங்கும் ஏறும், எங்கே நிற்கும் என்று தெரியாது. இதில் நம் பங்கு எவ்வளவு என்பது முதல் நாளே தெரியும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் வருஷம் 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டிருக்கிறது. சொந்தமாகத் தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் அதில் சேரலாம். ஆனால் நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அதை ஏற்கிறதா, எந்தெந்தச் சிகிச்சைக்கு ஏற்கிறது என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே போய் விசாரித்து வையுங்கள்.

மாமா முடிவில் 46,900 ரூபாயையும் பழைய பாலிசிக்கே கட்டினார். முகம் சுளித்துக்கொண்டுதான். அடுக்கு மாற்றத்தை 10 சதவீதக் கணக்கில் சேர்க்காதது பற்றி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கடிதத்தின் நகல், இரண்டு வருஷ ரசீது, நிறுவனம் அனுப்பிய பிரிப்புக் கணக்கு எல்லாம் துளையிடப்பட்டு அந்தக் கோப்பில் ஏறிவிட்டன. அத்தை அடுத்த அடுக்குக்குப் போக இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது என்று அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.